பொக்ஸ் பார் கேட்: பெயின்ட் வெளியே, கறள் உள்ளே

ஊரில் இப்போது வீட்டு கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைபிடி, கடை முன்கூரை என்று எதை எடுத்தாலும் பொக்ஸ் பார்தான். உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய். பாரம் குறைவு, விலை குறைவு, பார்க்க நேர்த்தி, வெல்டிங்கும் சுலபம். எங்கள் பாடசாலையின் முன் கேட்டும் அதில்தான் செய்யப்பட்டிருந்தது. ஏழு வருடத்தில் மூன்று தரம் பெயின்ட் அடித்தோம். கடைசித் தரம் அடித்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், இந்த மாரிக்குப் பிறகு ஒரு காலையில் வலப்பக்கக் கதவு சரிந்து நின்றது. பிணைச்சல் இருந்த பக்கத்தின் அடி மூலை பிளந்துவிட்டது. பிள்ளைகள் வருவதற்கு முன் காவலாளி கண்டதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தரம் ஒன்று, இரண்டுப் பிள்ளைகள் அந்தக் கதவில் ஏறி ஊஞ்சலாடுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம். இதே மாதிரி கேட் இந்த ஊரில் தெருவுக்குப் பத்து நிற்கிறது.

முதலில் வந்த ஆலோசனை, பிளந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்ட் பண்ணிப் பெயின்ட் அடித்துவிடலாம் என்பது. செலவும் குறைவு. ஆனால் வெளியே நல்லாயிருந்த பெயின்ட் அந்த மூலையில் மட்டும் ஏன் தோற்றது என்று பார்க்காமல் தகடு ஒட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, கதவைக் கழற்றி, வெல்டிங் கடைக் காக்காவைக் கொண்டு குறுக்கே அறுத்துப் பார்த்தோம். தரம் ஒன்பது பிள்ளைகள் வேணியர் இடுக்கிமானியோடு வந்தார்கள். புத்தகத்தில் படம் பார்த்துப் படித்த கருவிக்கு அன்றைக்குத்தான் உண்மையான வேலை கிடைத்தது.

சட்டம் 2 அங்குலச் சதுரக் குழாய், புதிதில் சுவர்த் தடிப்பு 1.5 மில்லிமீற்றர். மேல் சட்டத்தில் அளந்தபோது 1.4 இருந்தது. நிமிர்ந்த சட்டத்தின் நடுவில் 1.3. அடிச் சட்டத்தின் மேற்சுவரில் 1.1. அடிச் சட்டத்தின் கீழ்ச்சுவரில் நல்ல இடத்தில் 0.6, மற்ற இடங்களில் அளக்க இரும்பே இல்லை, பெயின்ட் தோல் மட்டும் நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. குழாயை நிமிர்த்தியபோது உள்ளேயிருந்து பிட்டுமா மாதிரி ஈரமான கறள் இரண்டு கை நிறையக் கொட்டியது. மழை ஓய்ந்து இரண்டு கிழமை ஆகியும் அது காய்ந்திருக்கவில்லை.

இந்த அளவுகளை மேலிருந்து கீழாக வாசித்தாலே கதை விளங்கும். கடற்காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் அடிக்கிறது, பெயின்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கீழே போகப் போக இரும்பு குறைகிறது. அப்படியென்றால் தின்றது வெளிக்காற்றல்ல, உள்ளே இறங்கித் தங்கிய தண்ணீர்.

இந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளும் 45 பாகையில் அறுத்துச் சேர்க்கப்பட்டவை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு துண்டுகள். உள்ளே அது ஒரே சுரங்கம். மேல் மூலையில் ஒரு துளி உள்ளே போனால் அது நிமிர்ந்த சட்டத்தின் வழியே இறங்கி அடிச் சட்டத்தில் வந்து படுக்கும். கேட்டின் எந்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் தண்டனை அடிச் சட்டத்துக்குத்தான்.

தண்ணீர் எப்படிப் போனது என்று தேடினோம். மூன்று இடம் அகப்பட்டது. நிமிர்ந்த சட்டங்கள் இரண்டும் மேலே ஒரு சாண் நீட்டி விடப்பட்டு, அவற்றின் வாய் வெல்ட் இல்லாமல் பட்டி பூசி அடைக்கப்பட்டிருந்தது. பட்டி வெயிலில் சுருங்கி ஓரத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. இரண்டாவது, கொண்டிக்கும் பூட்டுக்கும் துளைத்த துளைகள். மூன்றாவதுதான் யாருக்கும் சந்தேகம் வராதது: மூலை வெல்டுகள். வெல்ட் பண்ணிய பிறகு அழகுக்காக கிரைண்டரால் மட்டமாகத் தேய்த்திருந்தார்கள். ஒன்றரை மில்லிமீற்றர்ச் சுவரில் வெல்டின் மேட்டைச் சீவினால் மிச்சமிருப்பது கடதாசி. அதில் ஊசித்துளைகள் வெளிப்படும், பட்டியும் பெயின்டும் அவற்றைக் கொஞ்சக் காலத்துக்கு மறைக்கும்.

"இவ்வளவு சின்ன ஓட்டையால எவ்வளவு தண்ணி போயிரும் சேர்?" என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, குழாய் மூச்சு விடுவதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நடுப்பகல் வெயிலில் கடும் நிறம் பூசிய இரும்பு 60 பாகை செல்சியசுக்குச் சூடாவது சாதாரணம். விடியற்காலையில் அது 25 பாகை. இந்த வித்தியாசத்தில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஊசித்துளை வழியே வெளியேறும். குளிரும்போது அதே அளவு காற்று திரும்ப உள்ளே இழுபடும். எங்கள் கதவு ஆறடிக்கு ஆறடி. அதன் சட்டத்தின் சுற்றளவு ஏழு மீற்றருக்கு மேல், உள்ளே கிட்டத்தட்ட 17 லீற்றர் காற்று. ஆகவே அது ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் மூச்சு விடுகிறது. அந்தக் காற்றோடு வரும் ஈரப்பதன் கொஞ்சம்தான், அது மட்டும் என்றால் பாதகமில்லை. ஆனால் பின்னேரம் இடி இடித்து மழை கொட்டும்போது சூடாக நின்ற குழாய் சில நிமிடத்தில் குளிர்கிறது. அப்போது ஊசித்துளையின் வெளி வாயில் காற்று இல்லை, ஓடும் மழைத்தண்ணீர் இருக்கிறது. குழாய் அதைத்தான் உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஊசித்துளைகள் மேலே, தண்ணீர் கீழே.

"அப்ப எல்லா ஓட்டையையும் அடைச்சிட்டாச் சரிதானே" என்றார். அடைக்க முடிந்தால் உண்மையிலேயே சரிதான், எவ்வளவு சரி என்பதை வகுப்பில் கணக்குப் பண்ணிப் பார்த்தோம். ஒரு மீற்றர் நீளமான 2 அங்குலக் குழாய்க்குள் சுமார் 2.3 லீற்றர் காற்று இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், நிறை 0.6 கிராம் அளவு. அந்த ஒட்சிசன் முழுவதும் இரும்போடு சேர்ந்து கறளாக மாறினாலும் கரையும் இரும்பு ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. அந்தக் குழாய்த் துண்டின் நிறையோ 2.3 கிலோ. இழப்பை உட்சுவர் முழுக்கப் பரப்பினால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிப்பு. அதோடு ஒட்சிசன் தீர்ந்துவிடும், கறளும் நின்றுவிடும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் இதே கணக்குத்தான், ஏனென்றால் தண்ணீர் தனியே இரும்பை இப்படித் தின்னாது, ஒட்சிசன் கூட வேண்டும்.

ஆகவே முழுமையாக அடைத்த குழாய்க்கு உள்ளே பெயின்டே தேவையில்லை. முழுக்கத் திறந்த குழாய், தண்ணீர் ஓடிக் காய்கிற குழாய், அதுவும் கனகாலம் நிற்கும். அழிவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது: தண்ணீர் வர வழி உண்டு, போக வழி இல்லை, காற்று மட்டும் நாள் தவறாமல் புதிதாக வருகிறது. எங்கள் ஊர் கேட்டுகள் முக்கால்வாசி இந்த நடுச்சாதிதான். இரும்புக் கட்டமைப்புகளின் பெயின்டுக்கான ஐ.எஸ்.ஓ. 12944 என்ற சர்வதேச நியமமும் இதையே கேட்கிறது. வெறுங்குழாய் என்றால் இடைவெளியில்லாத வெல்டால் காற்றுப் புகாமல் மூடு, இல்லாவிட்டால் தண்ணீர் வடிய வாய் வை.

எங்கள் கரையில் உப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. உப்புத்தூள் படிந்த இடம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். உள்ளே போன உப்பை யார் கழுவுவது? அது அடிச் சட்டத்துக் கறளோடு சேர்ந்து பஞ்சு மாதிரி ஊறிக்கொண்டு கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களிலும் அந்த அடிப் பகுதி ஈரமாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சங்கக் கூட்டத்தில் ஒரு வாப்பா எழுந்து, "ஜி.ஐ. பொக்ஸ் பார் வாங்கியிருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்காதே" என்றார். பாதி சரி. ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் நாகம் பூசியது. தகட்டுக்கு முதலில் பூசிப் பிறகு அதைக் குழாயாக மடிக்கிற வகையில் உள்ளேயும் வெளியேயும் நாகம் இருக்கும், அது நல்லதே. ஆனால் அந்தப் பூச்சு மெல்லியது. மடித்துச் சேர்த்த நெடுக்கு வெல்டில் அது எரிந்துபோகும். தொழிற்சாலையில் வெளிப்பக்கத்தை மட்டும் திரும்பப் பூசுவார்கள், உட்பக்கக் கோடு வெறும் இரும்பாகவே இருக்கும். அதற்கு மேல் நம் கடையில் வெல்ட் பண்ணும்போது என்ன நடக்கிறது? நாகம் 420 பாகையில் உருகி, 907 பாகையில் ஆவியாகிப் போகும். இரும்பு உருக 1500 பாகையளவு வேண்டும். ஆக, வெல்டின் இரு பக்கமும் உள்ளே நாகம் நிற்காது. வெளியே அந்த இடத்தில் வெள்ளிப் பெயின்ட் பூசலாம், உள்ளே எந்தத் தூரிகை போகும்? தண்ணீர் தேங்குவதும் அந்த மூலையில்தான். ஜி.ஐ. நமக்குச் சில வருடங்களைக் கூட்டித் தரும், வடிகாலுக்குப் பதிலாகாது. (அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் வரும். வெல்டிங் கடைகளில் நிற்கும் எங்கள் பழைய மாணவர்கள் காற்று போகும் இடத்தில் வைத்து, முதலில் பூச்சைத் தேய்த்துவிட்டு வெல்ட் பண்ணட்டும்.)

புதுக் கதவை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறோம். அடிச் சட்டத்துக்குப் பொக்ஸ் பாரே போடவில்லை. எல் அயன் போட்டோம், 2 அங்குலம், 5 மில்லிமீற்றர்த் தடிப்பு. ஒரு பக்கம் படுக்கையாகவும் மற்றப் பக்கம் கீழ்நோக்கித் தொங்கவும் வைத்தால் தண்ணீர் நிற்க இடமேயில்லை, எல்லா முகத்துக்கும் தூரிகை போகும். பொக்ஸ் பாரை விட ஒரு கதவுக்கு மூன்று கிலோ கூட வராது. எல் அயன் குழாயைப் போல முறுக்கைத் தாங்காது என்பதால் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்தோம். நிமிர்ந்த சட்டங்களின் அடி வாயைத் திறந்தே விட்டோம். நடுவில் வரும் ஒரு அங்குலக் குழாய்கள் எல் அயனின் மேல் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும், குழாயின் வாய்க்கு நேர் கீழே 10 மில்லிமீற்றர்த் துளை போட்டோம்.

மேல் வாய்களுக்கு 3 மில்லிமீற்றர்த் தகட்டை வைத்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் வெல்ட். மேல் மூலைகளிலும் அப்படியே. கிரைண்டரை வெல்டின் மேல் வைக்கக்கூடாது என்று முன்னமே பேசிக்கொண்டோம். கூரான துணுக்குகளை மட்டும் தட்டி எடுத்தார். "பார்வைக்கு ஒரு மாதிரி இரிக்குமே சேர்" என்று அவருக்குக் கவலை. மேட்டோடு இருக்கும் வெல்ட்தான் முழு வெல்ட் என்று சொன்னோம். அவருக்கு அது தெரியாத விசயமல்ல. கேட்கிறவர்கள் எல்லாரும் மட்டமாக வேண்டும் என்று கேட்பதால் அவர் தேய்க்கிறார், அவ்வளவுதான். கொண்டி போகும் இடத்தில் வெறுந்துளை போடாமல், சட்டத்துக்குக் குறுக்கே ஒரு சிறிய பைப் துண்டைச் செருகி இரு பக்கமும் சுற்றி வெல்ட் பண்ணினார். கொண்டி அந்தப் பைப்புக்குள் ஓடும், சட்டத்தின் உட்பக்கம் திறபடாது. இந்த யோசனை அவருடையதுதான், எங்களுக்குத் தோன்றவில்லை.

புதிதாக கேட் செய்யாமல் இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அடிச் சட்டத்தின் கீழ்ச்சுவரில் இரண்டு மூலைக்கும் அருகில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என 8 அல்லது 10 மில்லிமீற்றர்த் துளை போடுங்கள். ஓட்டை போட்டால் தண்ணீர் உள்ளே போகாதா என்று கேட்பார்கள். மழை கீழிருந்து மேலே பெய்வதில்லை. இதைவிடச் சிறிய துளை கறள் துணுக்காலும் பெயின்டாலும் அடைபடும். எட்டு மில்லிமீற்றரையும் குளவி மண் வைத்து அடைத்துவிடும், ஆகவே மாரிக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். துளையிடும்போது மண்ணிறத் தண்ணீர் ஓடி வந்தால் உங்கள் கேட்டும் எங்களுடையதைப் போன்றதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மேலே உள்ள வாய்களையும் கவனிக்கவேண்டும். வடிகால் மட்டும் போட்டுவிட்டு மேலே பட்டியை நம்பியிருப்பது அரைவேலை.

உள்ளே தின்றிருக்கிறதா என்று அறிய கேட்டை அறுக்கவேண்டியதில்லை. மேல் சட்டத்தில் சாவியால் தட்டுங்கள், பிறகு அடிச் சட்டத்தில் தட்டுங்கள். மேலே கணீரென்று கேட்கும். கீழே மந்தமாக, மண் நிறைந்த டின்னைத் தட்டியது போலக் கேட்டால் உள்ளே கறள் குவிந்திருக்கிறது. வெல்ட் ஓரத்தில் மண்ணிறக் கண்ணீர்க்கோடு வழிந்திருந்தால் அது வெளிக் கறள் அல்ல, உள்ளேயிருந்து கசிந்தது. அடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்தால் உளியின் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும், சுரண்டிப் பெயின்ட் அடிப்பதால் எதுவும் திரும்பி வராது. பிணைச்சல் பக்கத்து அடி மூலையை முதலில் பாருங்கள், கதவின் பாரம் இழுக்கும் இடம் அது.

வீட்டு கேட்டுகளில் தூண்களும் பொக்ஸ் பார் என்றால் இன்னொரு இடமும் உண்டு. தூண் ஆடாமலிருக்க உள்ளே பாதி வரை கொங்கிரீட் ஊற்றுவார்கள். கொங்கிரீட் தன்னைத் தொடும் இரும்பைக் காக்கும், அதில் குறையில்லை. ஆனால் மேல் பாதியில் இறங்கிய தண்ணீர் அந்தக் கொங்கிரீட்டின் தலையில் குளமாக நிற்கும், தூண் அதே மட்டத்தில் ஒரு வளையமாகத் தேய்ந்து ஒருநாள் ஒடியும். ஊற்றினால் வாய் வரை ஊற்றி மூடுங்கள், அல்லது கொங்கிரீட்டின் தலை மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வடிதுளை வையுங்கள்.

கடைசியாக வெல்டிங் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒன்று. பழைய கேட்டை ஒட்டக் கொண்டுவந்தால், வெல்ட் வைக்க முன்னர் அடியில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். மூடிய குழாய்க்குள் தண்ணீர் இருக்க வெல்ட் வைத்தால் அது நீராவியாகி, உருகிய இரும்பையும் சேர்த்துக்கொண்டு அந்த வெல்டின் வழியே முகத்துக்கு வரும். எங்கள் பழைய கதவின் இடப்பக்கத் துண்டு இன்னும் பாடசாலையில் தொழினுட்ப அறைச் சுவரோரம் அறுத்தபடி கிடக்கிறது. கேட் செய்யக் கொடுக்கவிருப்பவர்கள் பாடசாலை விட்ட பிறகு வந்து பார்க்கலாம், அதிபரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.